ஒரு பைசா எங்கே போயிற்று?

நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வணிகர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று தொகையில் மிகச் சிறியது. விடை காண்பதற்கோ அதிக நேரம் பிடிப்பது. விலைப்பட்டியலில் ஒரு தொகை அச்சாகியிருக்கிறது. கணக்கில் வரவாகியிருப்பதோ அதைவிட ஒரு பைசா குறைவு. அந்த ஒரு பைசாவை எடுத்தது யார்? வாங்கியவரா, வங்கியா, வரித்துறையா? பெரும்பாலும் இம்மூவரும் அல்லர். விலைப்பட்டியலைக் கணக்கிட்ட மென்பொருளுக்குள்ளேயே அந்தப் பைசா தொலைந்திருக்கும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

மைசூருவிலிருந்து இணையம் வழியாக ஊதுபத்தி விற்கும் ஒரு சிறு வணிகரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பொட்டலத்தின் வரிக்கு முந்தைய விலை 53 ரூபாய் 50 பைசா. வாங்குபவர் ஹைதராபாத்தில் இருக்கிறார். சரக்கு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்வதால், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு விதிக்கப்படுகிறது. 53.50 ரூபாயில் 5 விழுக்காடு 2.675 ரூபாய், அதாவது 267 பைசாவும் ஓர் அரைப் பைசாவும். அரையும் அதற்கு மேலும் இருந்தால் மேலே ஏற்றுவது வணிகர் வழக்கம். எனவே வரி 2.68, மொத்தம் 56.18 ரூபாய்.

வணிகரின் விலைப்பட்டியல் மென்பொருள் இதையே அச்சிடுகிறது. ஆனால் வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பக்கத்தை வேறொருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் வரியை 2.67 என்று கணக்கிட்டு, 56.17 ரூபாயைக் கேட்கிறது. வாங்குபவரும் கேட்ட தொகையைச் செலுத்துகிறார். வங்கி தனக்கு வந்த 56.17 ரூபாயை அப்படியே வரவு வைக்கிறது.

நாளொன்றுக்கு 200 பொட்டலங்கள் இவ்வாறு விற்றால் குறைவது 2 ரூபாய்தான். அந்த இழப்பை வணிகர் பொருட்படுத்த மாட்டார். ஆனால் அவருடைய கணக்குப் புத்தகத்தில் 200 விலைப்பட்டியல்கள் ‘ஒரு பைசா நிலுவை’ என்று மூடப்படாமல் நிற்கின்றன. வரவையும் விலைப்பட்டியலையும் தானாகவே பொருத்திப் பார்க்கும் மென்பொருள், தொகை ஒத்துப்போகாததால் அவற்றை ஒதுக்கிவைக்கிறது. மாத இறுதியில் கணக்காளர் ஒவ்வொன்றையும் கையால் சரிகட்ட வேண்டியிருக்கிறது. உண்மையாகவே பணம் வராத ஒரு விலைப்பட்டியல் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அது கண்ணில் படாமலே போய்விடலாம். ஒரு பைசாப் பிழையால் விளையும் உண்மையான சேதம் இதுவே.

காலணாவும் கணினியும்

பிழையின் வேரைப் புரிந்துகொள்ள நம் நாட்டுப் பழைய நாணயமே துணை செய்யும். முன்பு ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ரூபாயில் பாதி எட்டணா. அதில் பாதி நாலணா. அதில் பாதி இரண்டணா. பிறகு ஓரணா, அரையணா, காலணா. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதில் சரிபாதி. காலணா என்பது ஒரு ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு.

கணினி பின்னங்களை எழுதும் முறையும் இதுவே. அது இரும எண்களில் இயங்குவதால், புள்ளிக்குப் பின் வரும் எதனையும் அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்று எனப் பாதி பாதியாக வெட்டிய துண்டுகளைக் கூட்டியே குறிக்கும். இவ்வாறு எண்களைச் சேமிக்கும் வழக்கமான முறைக்கு ‘மிதவைப் புள்ளி’ முறை என்று பெயர். எட்டணாவையும் நாலணாவையும் காலணாவையும் அது சிறிதும் பிசகாமல் எழுதிவிடும்.

1957 ஏப்ரல் 1 அன்று நம் நாணயம் பதின்ம முறைக்கு மாறி, ரூபாய்க்கு நூறு பைசா ஆயிற்று. மனிதருக்கு இது எளிது. இரும எண்ணுக்கோ இது தொல்லை. பத்துப் பைசாவைப் பாதித் துண்டுகளால் கட்டமைக்க முயன்று பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு 6.25 பைசா. மீதி 3.75. முப்பத்திரண்டில் ஒரு பங்கு 3.125 பைசா, அதையும் சேர்த்தால் மீதி 0.625. அடுத்த இரண்டு துண்டுகளும் இந்த மீதியைவிடப் பெரியவை. அவற்றைத் தாண்டி 256இல் ஒரு பங்கைச் சேர்த்தாலும் மீதி இருக்கிறது. எத்தனை துண்டுகளைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு துளி எஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒன்றைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என முடிவின்றி நீள்வதைப் போன்றதே இதுவும்.

கணினியின் இடமோ அளவுடையது. வழக்கமான மிதவைப் புள்ளி எண்ணுக்கு 64 இரும இலக்கங்களே உண்டு. ஆகவே ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டு, மிக அருகிலுள்ள எண்ணைச் சேமிக்கிறது. முழு ரூபாய், 25 பைசா, 50 பைசா, 75 பைசா ஆகிய நான்கு முடிவுகள் மட்டுமே துல்லியமாகப் பதிவாகும். நூறு வகையான பைசா முடிவுகளில் மற்ற 96உம் தோராயமே.

பிழை சேர்ந்து பெரிதாவதில்லை

இவ்வளவு தெரிந்ததும், ‘சிறு பிழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு பைசா ஆகிவிடுகின்றன’ என்று பலர் முடிவு கட்டிவிடுவர். விலைப்பட்டியலைப் பொறுத்தவரை அது சரியன்று. பத்துப் பைசாவை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துப் பத்து லட்சம் முறை கூட்டினால் ஒரு லட்சம் ரூபாய் வரவேண்டும். கணினி தருவது 100000.00000133288. பத்து லட்சம் கூட்டல்களுக்குப் பிறகும் பிழை ஒரு பைசாவில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரு விலைப்பட்டியலில் இருப்பவை இருபது, முப்பது வரிகள். அவற்றின் பிழை சேர்ந்து ஒரு பைசா ஆவதற்கு வழியே இல்லை.

அப்படியானால் பைசா எங்கே தவறுகிறது? தொகை மிகச் சரியாக அரைப் பைசாவில் வந்து நிற்கும் இடத்தில்தான். 2.675 என்பது 2.67க்கும் 2.68க்கும் நட்டநடுவே நிற்கிறது. வாசற்படியின் மேல் நிற்பவரை இலேசாகத் தொட்டாலும் அவர் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்துவிடுவார். கணினியின் கோடி கோடியில் ஒரு பங்குப் பிழை, அரைப் பைசாவில் நிற்கும் தொகையை அவ்வாறே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. அதன் பிறகு முழுதாக்கும் கட்டளை வந்து, அந்தத் துளியை ஒரு முழுப் பைசாவாக்கிவிடுகிறது.

நம் மைசூரு விலைப்பட்டியலில் நடந்தது இதுவே. பைத்தான் மொழியில் இரண்டு வரிகளாக எழுதினால் தெளிவாகத் தெரியும்.

```python
print(round(53.50 * 0.05, 2))      # 2.68
print(round(53.50 * 5 / 100, 2))   # 2.67
```

பள்ளிக் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றே. கணினியிலோ, 0.05 என்ற எண் உண்மையைவிட இம்மியளவு கூடுதலாகச் சேமிக்கப்படுகிறது. அதனால் முதல் வரியின் விடை 2.6750000000000003 என்று மேல் பக்கம் சாய்கிறது. இரண்டாம் வரியில் 267.5 வரை கணக்கு துல்லியமாகச் செல்கிறது. நூறால் வகுத்ததும் கிடைக்கும் 2.675ஐ எழுத முடியாமல், அருகிலுள்ள 2.67499999999999982 என்ற எண் அமர்கிறது. அரைக்கு ஒரு துளி குறைவு என்பதால் 2.67 ஆகிறது. விலைப்பட்டியலை எழுதியவர் முதல் முறையையும் பணம் செலுத்தும் பக்கத்தை எழுதியவர் இரண்டாம் முறையையும் கையாண்டிருக்கின்றனர். ஒரு பைசா வேறுபாட்டுக்கு இதுவே காரணம்.

முதல் முறைதான் சரி என்று எண்ணிவிட வேண்டாம். 70 பைசா மதிப்புள்ள ஒரு சிறு பொருளுக்கு அதே 5 விழுக்காட்டைக் கணக்கிட்டால் 3.5 பைசா, முழுதாக்கினால் 4 பைசா. இப்போது `0.70 * 0.05` என்ற முதல் முறை 0.03 என்று தவறான விடையைத் தருகிறது. `0.70 * 5 / 100` என்ற இரண்டாம் முறை 0.04 என்று சரியான விடையைத் தருகிறது. எந்த வாய்பாடு எந்த விலையில் தவறும் என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது. வாய்பாட்டை மாற்றி எழுதுவதால் நோய் தீராது, இடம்தான் மாறும்.

எந்த விலைகளில் எதிர்பார்க்கலாம்?

அரைப் பைசாவில் நிற்கும் தொகைகள் அரியவை அல்ல. வரி 5 விழுக்காடாக இருந்தால், 10, 30, 50, 70, 90 பைசாவில் முடியும் ஒவ்வொரு மதிப்புக்கும் வரி அரைப் பைசாவில் முடியும். வரி 18 விழுக்காடாக இருந்தால் 25, 75 பைசாவில் முடியும் மதிப்புகளுக்கு அவ்வாறு நேரும். 50 பைசாவில் விலை வைப்பது நம் கடைகளில் எவ்வளவு இயல்பு என்பதை வாசகர்கள் அறிவர். சில பொருள்களுக்கு மட்டும் பைசா தவறுவதும், விலையைச் சற்று மாற்றியதும் பிழை மறைந்துபோவதும் இதனாலேயே.

கணினியின் பிழை அல்லாத ஒரு பைசா

எல்லாப் பைசா வேறுபாடுகளுக்கும் மிதவைப் புள்ளியைக் குறை கூறுவதும் தவறு. ஒரே விலைப்பட்டியலில் 53.50 ரூபாய் மதிப்புள்ள மூன்று வெவ்வேறு வரிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும் வரியைத் தனித்தனியே முழுதாக்கினால் 2.68 வீதம் மூன்றுக்கும் 8.04 ரூபாய். மூன்றையும் முதலில் கூட்டி, 160.50 ரூபாய்க்கு 5 விழுக்காடு கணக்கிட்டால் 8.025, முழுதாக்கினால் 8.03 ரூபாய். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்கிட்டாலும் இந்த வேறுபாடு வரும். இங்கே தவறு எண்களில் இல்லை. எப்போது முழுதாக்குவது என்பதை இரு தரப்பினரும் ஒன்றுபோல் முடிவு செய்யாததில் இருக்கிறது.

விரிதாளைப் பயன்படுத்துவோருக்கு இது மேலும் குழப்பம் தரும். இரண்டு பதின்ம இடங்கள் மட்டும் தெரியுமாறு கட்டத்தை அமைத்தால், கண்ணுக்குத் தெரிவது 2.68; உள்ளே இருப்பது 2.675. மூன்று 2.68களுக்குக் கீழே கூட்டுத்தொகை 8.03 என்று நிற்கும். காட்சிக்குச் சுருக்குவது வேறு, `ROUND` கட்டளையால் மதிப்பையே முழுதாக்குவது வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வேறுபாடு காட்டும் விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் வரிவாரியாக முழுதாக்கியும், பிறகு மொத்தத்தில் ஒரே முறை முழுதாக்கியும் கையால் கணக்கிடுங்கள். இரு தரப்பின் தொகைகளும் இந்த இரண்டு விடைகளாகவே அமைந்தால், அது விதி வேறுபாடு. பேசி ஒரே விதிக்கு வந்தால் போதும். ஒரு தரப்பின் தொகை இரண்டு விடைகளிலும் சேராமல், ஏதோ ஒரு வரி அரைப் பைசாவில் நின்று கீழே இறங்கியிருந்தால், மிதவைப் புள்ளியையே முதலில் ஐயுற வேண்டும்.

ரூபாய்க்கு முழுதாக்கினால் போதாதா?

‘பைசாவே வேண்டாம், ரூபாய்க்கு முழுதாக்கிவிடுவோம்’ என்று சிலர் கூறுவர். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவு, செலுத்த வேண்டிய வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுதாக்கச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய் ஆகும், அதற்குக் குறைந்தது விடப்படும். இதே முறையை விலைப்பட்டியலின் மொத்தத்திற்கும் பலர் கையாளுகின்றனர். 56.18, 56.17 ஆகிய இரண்டும் அப்போது 56 ரூபாயாகி, வேறுபாடு மறைந்துவிடும்.

ஆனால் அது எப்போதும் மறைவதில்லை. சில வேளைகளில் நூறு மடங்காகப் பெருகும். 11.90 ரூபாய்க்கு 5 விழுக்காடு 59.5 பைசா. சரியாக முழுதாக்கினால் வரி 60 பைசா, மொத்தம் 12.50, ரூபாய்க்கு முழுதாக்கினால் 13. மேலே கண்ட இரண்டாம் முறையில் கணினி 59 பைசா என்கிறது; மொத்தம் 12.49, ரூபாய்க்கு முழுதாக்கினால் 12. ஒரு பைசாப் பிழை இங்கே ஒரு ரூபாயாகிவிட்டது.

தடுக்கும் வழி

தீர்வு எளிது: பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கவும் கூடாது, கணக்கிடவும் கூடாது. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, எல்லாத் தொகைகளையும் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது. 53.50 ரூபாய் என்பது 5350 பைசா. முழு எண்களைக் கணினி பிசகின்றிக் கையாளும். வரி காண, 5350ஐ 5ஆல் பெருக்கினால் 26750; அரையை மேலே ஏற்றுவதற்காக 50ஐக் கூட்டினால் 26800; நூறால் வகுத்து மீதியை விட்டால் 268 பைசா. பணம் பெற்றுத்தரும் இணைய நுழைவாயில்கள் பலவும் தொகையைப் பைசாவில் முழு எண்ணாகவே கேட்கின்றன.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ரூபாயை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருந்து, கடைசி நேரத்தில் நூறால் பெருக்கிப் பைசாவாக்கினால் பழைய நோயே திரும்பி வரும். `19.99 * 100` என்பதற்குக் கணினி தரும் விடை 1998.9999999999998. பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுத்தால் 1998 பைசா, வாடிக்கையாளரிடம் 19.98 ரூபாய்தான் கேட்கப்படும். மற்றொன்று, சரக்கு திரும்பி வரும்போது எழுதும் கிரெடிட் நோட். அங்கே தொகை கழித்தல் குறியுடன் இருந்தால், மேலே சொன்ன ‘50 கூட்டி வகுத்தல்’ முறை 268க்குப் பதிலாக 267 என்று தரும். குறியை நீக்கிவிட்டு வரியைக் கணக்கிட்டு, பிறகு குறியைச் சேர்ப்பதே முறை. இல்லையேல் விற்றபோது வாங்கிய வரியும் திருப்பிக்கொடுக்கும் வரியும் ஒரு பைசா மாறுபடும்.

இரண்டாம் வழி, பதின்ம எண் வகையைப் பயன்படுத்துவது. பெரும்பாலான கணினி மொழிகளில் இது உண்டு. தரவுத்தளங்களில் `FLOAT` என்பதற்குப் பதிலாக `DECIMAL` அல்லது `NUMERIC` வகையில் தொகைப் பத்தியை அமைக்கலாம். பைத்தானில் இவ்வாறு எழுதலாம்.

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
tax = Decimal("53.50") * 5 / 100
print(tax.quantize(Decimal("0.01"), rounding=ROUND_HALF_UP))  # 2.68
```

இதில் 53.50 மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பதின்ம வகைக்குள் தொகையை எழுத்து வடிவிலேயே கொடுக்க வேண்டும். மிதவைப் புள்ளி எண்ணாகக் கொடுத்தால் அதன் துளிப் பிழையும் உடன் நுழைந்துவிடக்கூடும். முழுதாக்கும் விதியையும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால், அரையில் நிற்கும் தொகையை இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்க்கும் மற்றொரு விதியைப் பைத்தான் தானாகவே எடுத்துக்கொள்ளும். 2.665 அப்போது 2.67 ஆகாமல் 2.66 ஆகும்.

மூன்று சோதனைகள்

உங்கள் விலைப்பட்டியல் மென்பொருளை யார் எழுதினார், எந்த மொழியில் எழுதினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 5 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. விதித்து மூன்று மாதிரி விலைப்பட்டியல்களைப் போட்டுப் பாருங்கள். 53.50 ரூபாய்க்கு வரி 2.68 வரவேண்டும். 70 பைசாவுக்கு வரி 4 பைசா வரவேண்டும். 53.30 ரூபாய்க்கு வரி 2.67 வரவேண்டும். முதல் இரண்டில் ஏதேனும் ஒன்று தவறினால், உள்ளே மிதவைப் புள்ளி இருப்பதாக ஐயுறலாம். மூன்றாவது மட்டும் தவறினால், முழுதாக்கும் விதி மாறியிருக்கலாம். இதே மூன்று தொகைகளைப் பணம் செலுத்தும் பக்கத்திலும் கணக்குப் புத்தகத்திலும் இட்டு, மூன்று இடங்களும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பாருங்கள். இம்மூன்றும் சரியாக வந்துவிட்டதாலேயே வேறு எந்த விலையிலும் தவறாது என்று உறுதி கூற இயலாது. ஆனால் ஒன்று தவறிவிட்டால், மென்பொருளை எழுதியவரிடம் காட்டுவதற்கு உரிய சான்று உங்கள் கையில் இருக்கும்.

அதுவரை, ஒரு பைசா நிலுவையுடன் நிற்கும் விலைப்பட்டியல்களை ‘முழுதாக்கல் வேறுபாடு’ என்ற தனித் தலைப்பின் கீழ் எழுதி முடித்துவைக்கலாம். அந்தத் தலைப்பில் மாத இறுதியில் நிற்கும் தொகையைப் பாருங்கள். ஏறியும் இறங்கியும் சுழியத்தை ஒட்டியே நின்றால் அது இயல்பு. எப்போதும் ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், எங்கோ ஒரு கட்டளை அரைப் பைசாவை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.